யூஏடி சர்வரை புக் செய்தும் டீம்கள் மோதிக்கொள்வது ஏன்?

வியாழக்கிழமை ரிலீஸ் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் காலை 10 மணி முதல் புதன் மாலை 6 வரை uat2 என்ற யூஏடி சர்வர் தனக்கு வேண்டும் என்று பேமென்ட் டீம் புக்கிங் ஷீட்டில் எழுதிவிட்டது. செவ்வாய் மதியம் ஆர்டர் டீமில் ஒருவர் மெர்ஜ் செய்கிறார். பைப்லைன் ஷீட்டைப் பார்ப்பதில்லை. தன்பாட்டுக்கு uat2-வில் டெப்ளாய் செய்துவிடுகிறது. காலையில் பாஸான ரீஃபண்ட் டெஸ்ட் இப்போது 500 காட்டுகிறது. தங்கள் கோடில்தான் கோளாறு என்று நினைத்து பேமென்ட் டீம் மாலை வரை லாக் புரட்டுகிறது.

ஷீட்டோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. அதைச் சரிசெய்யப் போகிறவர்கள் பலரும் அடுத்த தவறில் விழுகிறார்கள். கிட்லேபில் இப்படி ஒரு வரி சேர்ப்பார்கள்:

```yaml
deploy_uat2:
  resource_group: uat2
  script: ./deploy.sh uat2
```

இது ஒரே ப்ராஜெக்ட்டின் இரண்டு டெப்ளாய் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஜாப் முடிந்ததும் பூட்டு திறந்துவிடும். காத்திருந்த அடுத்த ஜாப் உள்ளே வரும். டெப்ளாய்க்குச் சில நிமிடம் போதும், டெஸ்டிங்குக்கோ இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் காவல் இல்லை.

புக்கிங்கை டெப்ளாய் ஸ்கிரிப்டே படிக்க வேண்டும். uat2 போன்ற சூழலின் பெயர், டீம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் என நான்கு புலங்கள் கொண்ட சின்ன டேபிள் போதும். இப்போதைய நேரத்துக்கு வேறு டீமின் பெயர் இருந்தால் `exit 1`. கூடவே யார் வைத்திருக்கிறார்கள், எப்போது வரை என்று செய்தியில் சொல்லிவிட வேண்டும். முடியும் நேரம் கட்டாயம். இல்லையென்றால், வேலை முடிந்தும் யாரும் விடுவிக்காத சூழல் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்.

இனி, பலர் கண்ணில் படாத தவறு. uat2, uat3 என்று தனித்தனியாக புக் செய்வார்கள். இரண்டும் ஒரே டேட்டாபேஸில் இணைந்திருக்கும். uat3-இல் ஓடும் மைக்ரேஷன் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் uat2 விழும், அங்கே யாரும் டெப்ளாய் செய்யாதபோதும். மெசேஜ் கியூ, பேமென்ட் கேட்வேயின் சாண்ட்பாக்ஸ் கணக்கு ஆகியவற்றுக்கும் இதே கதைதான். எதை இருவர் ஒரே நேரத்தில் தொட முடியாதோ, அதையே புக் செய்யும் அலகாக வைக்க வேண்டும். டேட்டாபேஸைப் பிரிக்க முடியாதென்றால் uat2, uat3 இரண்டும் சேர்ந்து ஒரே புக்கிங்தான். கேட்கக் கசக்கும், ஆனால் உண்மை நிலவரம் அதுதான்.

மோதல் நடந்ததா என்று கண்டுபிடிக்க, டெஸ்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் சர்வரில் ஓடும் கமிட் எண்ணையும் டேட்டாபேஸின் கடைசி மைக்ரேஷன் எண்ணையும் பதிவு செய்யுங்கள். இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் அந்த டெஸ்ட் முடிவு செல்லாது. லாக் புரட்டுவதற்கு முன் யார் மாற்றினார்கள் என்று பாருங்கள்.

இரண்டு புக்கிங்குக்கு நடுவில் டேட்டாபேஸை ரீசெட் செய்யும் நேரத்தையும் ஒதுக்குங்கள். ரீஸ்டோர் ஆக 40 நிமிடம் பிடித்தால் அடுத்த டீமின் நேரம் 6 மணிக்கு அல்ல, 7 மணிக்குத் தொடங்கட்டும். அவசர ஹாட்ஃபிக்ஸுக்கு இந்த வரிசையை உடைக்காமல், புக்கிங்கே இல்லாத ஒரு சிறிய சூழலைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.