கடை ஒப்பந்தம் முடியும்போது வாடகை உயர்வுக் கடிதம் எழுதுவது எப்படி: காரணத்தோடும் கணக்கோடும்

கடையையோ அலுவலகத்தையோ வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், ஒப்பந்தம் முடியப் போகிறது, வாடகையை உயர்த்த நினைக்கிறீர்கள். வழக்கமாகப் போகும் கடிதம் இரண்டே வரிதான்: விலைவாசி ஏறிவிட்டது, இனிமேல் வாடகை இவ்வளவு. அதைப் படிக்கிற வாடகைதாரருக்கு உடனே வரும் கேள்வி, இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதுதான். அதற்குப் பதில் கடிதத்திலேயே இல்லையென்றால் பேச்சு பேரமாகிவிடும். பேரத்தில் நியாயமான தொகையும் அநியாயமான தொகை மாதிரியே தெரியும்.

ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடிதம் வரை போவோம். தரைத்தளத்தில் 1,000 சதுர அடி கடை. மாத வாடகை 40,000, அதாவது சதுர அடிக்கு 40. மூன்று ஆண்டு ஒப்பந்தம், இடையில் உயர்வு எதுவும் இல்லை, டிசம்பர் 31 அன்று முடிகிறது. பராமரிப்புக் கட்டணம் தனி.

படி 1: பேனாவை எடுக்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

புதுப்பித்தல் பற்றிய பிரிவைத் தேடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு வகையாக இருக்கும். "கடைசி வாடகையில் இத்தனை விழுக்காடு உயர்த்திப் புதுப்பிக்கலாம்" என்று இருந்தால் உங்கள் வேலை வெறும் கணக்குதான், அதற்கு மேல் கேட்க முடியாது. "இருவரும் பேசி முடிவு செய்யும் வாடகையில்" என்று இருந்தால் காரணங்களோடு எழுதும் கடிதம் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். புதுப்பித்தல் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் இது புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சு. நம் உதாரணம் இரண்டாம் வகை.

அதோடு யார் யாருக்கு எத்தனை மாதம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், கடிதம் எந்த முகவரிக்கு எந்த வழியில் போக வேண்டும் என்றும் பாருங்கள். நம் உதாரணத்தில் வாடகைதாரர் மூன்று மாதம் முன்பே, அதாவது செப்டம்பர் 30க்குள், தொடர்கிறாரா இல்லையா என்று சொல்ல வேண்டும். வாடகை தெரியாமல் அவர் எப்படி முடிவெடுப்பார்? அதனால் உங்கள் கடிதம் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அவர் கையில் இருக்க வேண்டும். சில இடங்களில் வணிகக் கட்டடங்களுக்கும் வாடகை உயர்வுக்குச் சட்ட வரம்பு உண்டு, உங்கள் இடத்தில் உண்டா என்று இந்தக் கட்டத்திலேயே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: தொகையைக் கண்டுபிடியுங்கள்

சரி, இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீர்கள். அக்கம்பக்கத்தில் அண்மையில் வாடகைக்குப் போன மூன்று கடைகளையாவது பாருங்கள். விளம்பரத்தில் கேட்கும் வாடகை கணக்கில் வராது, கையெழுத்தான வாடகைதான் வரும், ஏனென்றால் கேட்கிற தொகைக்கும் முடிகிற தொகைக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கும். தரகர்களிடமும் பக்கத்துக் கட்டட உரிமையாளர்களிடமும் கேட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

கிடைத்த எண்களை அப்படியே ஒப்பிடக் கூடாது, முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் கடை சதுர அடிக்கு 52 என்கிறார்கள், ஆனால் அதில் பராமரிப்பு 4 அடக்கம், நம் வாடகைதாரர் அதைத் தனியாகக் கட்டுகிறார், ஆகவே ஒப்பிட வேண்டியது 48. இரண்டாவது கடை 47, ஆனால் 36 மாத ஒப்பந்தத்தில் முதல் இரண்டு மாதம் வாடகை இல்லை. 47ஐ 34ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 44.40. மூன்றாவது 45, சலுகை எதுவும் இல்லை, ஆனால் முகப்பு நம் கடையைவிடக் குறுகல். ஆக 44 முதல் 48 வரை ஒரு வரம்பு கிடைத்துவிட்டது. நடுவில் 46 வைத்தால் மாதம் 46,000. இது 15 விழுக்காடு உயர்வு, மூன்று ஆண்டுக்குக் கூட்டு விழுக்காடாகப் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சதுர அடி என்று சொல்லும்போது எல்லாக் கடைக்கும் உள்ளளவையே எடுங்கள், ஒன்றுக்கு உள்ளளவும் இன்னொன்றுக்குப் படிக்கட்டு, நடைவழிப் பங்கையும் சேர்த்த அளவும் எடுத்தால் ஒப்பீடு மொத்தமும் தப்பாகிவிடும்.

இங்கே இரண்டு இடங்களில் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். ஒன்று, வாடகைதாரர் தன் செலவில் போட்ட தரை, குளிர்சாதனம், கண்ணாடி முகப்பு ஆகியவற்றால் கடை இப்போது அழகாக இருக்கிறது என்பதற்காக வாடகையை ஏற்றுவது. அவர் போட்ட பணத்துக்கு அவரிடமே வாடகை கேட்பது நியாயமில்லை. வெறும் கடையாக இருந்தால் என்ன போகும் என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டாவது, சந்தை வாடகைக்கு மேல் சொத்து வரி உயர்வையும் தனியாகக் கூட்டுவது. பக்கத்துக் கடைக்காரருக்கும் அந்த வரி ஏறியிருக்கிறது, அவர் வாங்கும் வாடகையில் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஒரே செலவை இரண்டு முறை வசூலிக்கிறீர்கள் என்று கணக்குத் தெரிந்த வாடகைதாரர் உடனே பிடித்துவிடுவார், அப்புறம் கடிதத்தில் உள்ள மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

படி 3: எதுவரை இறங்கலாம் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்

இந்தக் கணக்கு கடிதத்தில் வராது. அவர் 40,000க்கே தொடர்ந்தால் 36 மாதத்தில் 14,40,000 கிடைக்கும். அவர் காலி செய்து, நான்கு மாதம் கடை பூட்டிக் கிடந்து, புதியவர் 46,000க்கு வந்தால் 32 மாதத்துக்கு 14,72,000. தரகுக்கு ஒரு மாத வாடகை போனால் மிச்சம் 14,26,000, அதாவது உயர்த்தாமலே விட்டதைவிடக் குறைவு. காலியாக எவ்வளவு நாள் கிடக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது, உங்கள் தெருவில் காலிக் கடைகளே இல்லையென்றால் கதை வேறு. ஆனால் ஒழுங்காக வாடகை கட்டுகிறவரை 15 விழுக்காட்டுக்காக இழப்பதற்கு முன் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்.

படி 4: காரணங்களைத் தேர்ந்தெடுங்கள்

கடிதத்தில் வர வேண்டிய காரணம் கடையைப் பற்றியதாக இருக்க வேண்டும். உங்கள் கடன் தவணை, வீட்டுச் செலவு இதெல்லாம் உங்களுக்குப் பெரிய பாரம்தான், ஆனால் அதனால் கடையின் மதிப்பு மாறாது. நம் உதாரணத்தில் மூன்று காரணங்கள் போதும்: மூன்று ஆண்டாக வாடகை மாறவில்லை, அக்கம்பக்கத்து வாடகை இந்த வரம்பில் இருக்கிறது, சொத்து வரியும் காப்பீடும் ஆண்டுக்கு 18,000 ஏறியிருக்கிறது. கடைசியில் உள்ளதை மாதத்துக்கு 1,500 என்று சொல்லி, கூடுதல் 6,000இல் இது ஒரு பகுதி, மேலே சேர்த்தது அல்ல என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

படி 5: கடிதம்

> பெறுநர்: (வாடகைதாரர் பெயர், கடை எண்)
> நாள்: செப்டம்பர் 1
>
> பொருள்: டிசம்பர் 31 அன்று முடியும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தல், வாடகைத் திருத்தம்
>
> அன்புள்ள ஐயா,
>
> நமது ஒப்பந்தம் வரும் டிசம்பர் 31 அன்று முடிகிறது. நீங்கள் தொடர்வதையே நான் விரும்புகிறேன். ஜனவரி 1 முதல் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு, மாத வாடகையை 40,000இலிருந்து 46,000ஆக மாற்றலாம் என்று முன்மொழிகிறேன். சதுர அடிக்கு இது 46 ஆகிறது.
>
> காரணங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளாக வாடகை உயர்த்தப்படவில்லை. பக்கத்தில் அண்மையில் முடிந்த மூன்று கடைகளின் வாடகை, பராமரிப்பையும் சலுகைகளையும் கழித்துப் பார்த்தால் சதுர அடிக்கு 44 முதல் 48 வரை இருக்கிறது. கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. சொத்து வரியும் காப்பீடும் மாதத்துக்கு 1,500 உயர்ந்துள்ளன. ரசீது நகல்கள் உள்ளன. இந்த 1,500 மேலே சொன்ன உயர்வுக்குள் அடங்கியது. நீங்கள் உங்கள் செலவில் செய்த உள்வேலைகள் இந்த மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை.
>
> முன்பணத்திலும் பராமரிப்புக் கட்டணத்திலும் மாற்றம் இல்லை. மற்ற நிபந்தனைகள் பழையபடியே தொடரும்.
>
> ஒரேயடியாக உயர்வது சிரமம் என்றால், முதல் ஆண்டு 43,500, இரண்டாம் ஆண்டு 46,000, மூன்றாம் ஆண்டு 48,500 என்று படிப்படியாகவும் வைத்துக்கொள்ளலாம்.
>
> உங்கள் முடிவைச் செப்டம்பர் 30க்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். நேரில் பேச விரும்பினால் அதற்கு முன் ஒரு நாளைச் சொல்லுங்கள். புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இது முன்மொழிவு மட்டுமே.
>
> இப்படிக்கு,
> (உரிமையாளர் பெயர், கையொப்பம்)

தொகை முதல் பத்தியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். காரணங்களை எல்லாம் அடுக்கிக் கடைசியில் தொகையைச் சொன்னால், படிப்பவர் காரணத்தைப் படிக்காமல் கீழே இறங்கி எண்ணைத்தான் தேடுவார். பக்கத்துக் கடைக்காரர்களின் பெயரை இணைப்பில் போட வேண்டாம், "எதிர்வரிசை, தரைத்தளம், 900 சதுர அடி" என்ற அளவு போதும்.

படிப்படியான உயர்வில் மொத்தம் ஒன்றேதான், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மாத வாடகைச் சராசரி 46,000 வரும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது கடைசி வாடகை 48,500ஆக நிற்கும், விழுக்காட்டு உயர்வு என்றால் அது அதன் மேல் ஏறும். எதை அடிப்படையாக எடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மூன்று ஆண்டு கழித்து இதே இடத்தில் மனக்கசப்பு வரும்.

படி 6: அனுப்பிய பிறகு

ஒப்பந்தம் சொல்லும் வழியில் அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது தகவலுக்குச் சரி, ஒப்பந்தம் பதிவுத் தபால் என்று சொன்னால் அதையும் செய்ய வேண்டும். அவர் 42,000 என்று பதில் சொன்னால் எண்ணுக்கு எண் இழுக்காமல், உங்கள் இணைப்பில் எந்தக் கடையின் ஒப்பீடு தப்பு என்று கேளுங்கள். நம் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை, எதிர்வரிசையில் இருக்கிறது என்று அவர் சொன்னால் அது உண்மையான காரணம், சதுர அடிக்கு 45க்கோ 44.50க்கோ இறங்குவதில் தப்பில்லை.

டிசம்பர் 31 தாண்டியும் பேச்சு இழுத்தால் பழைய வாடகையைச் சும்மா வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். பல இடங்களில் அது பழைய நிபந்தனையிலேயே மாதவாரி வாடகையாகத் தொடர்வதாகக் கருதப்படலாம். "இது தற்காலிகமாகப் பெறப்படுகிறது, முடிவாகும் வாடகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஜனவரி 1 முதல் கணக்கிட்டுச் சரிசெய்யப்படும்" என்று ஒரு வரி எழுதி, பணம் வாங்கும் முன்பே இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.