பயணம் முடிந்த மறுநாள் எடை பார்க்காதீர்கள்

ஐந்து நாள் சுற்றுலா போய்விட்டு வந்து எடை பார்த்தால் இரண்டரை கிலோ கூடியிருக்கும். பதற வேண்டாம், அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். இரண்டரை கிலோவுக்கு 19,250. அதாவது வழக்கமான தேவைக்கு மேல் தினமும் 3,850 கலோரி! ஓட்டல் சாப்பாட்டிலும் அது சுலபமில்லை.

மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தண்ணீர்தான். ஓட்டல் உணவில் உப்பு அதிகம், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டால் அது தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேரும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரோடு தங்கும். 300 கிராம் சேர்ந்தாலே ஒரு கிலோவுக்கு மேல் காட்டிவிடும். பயணத்தில் வரும் மலச்சிக்கலும் முள்ளை நகர்த்தும். மணிக்கணக்கில் உட்கார்ந்தே வந்திருந்தால் கணுக்காலில் சாக்ஸ் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். அங்கே தேங்கியிருப்பதும் நீர்தான்.

கிளம்பும் நாள் காலை, கழிப்பறை சென்றபின், சாப்பிடுமுன் எடை பாருங்கள். திரும்பியதும் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்து, ஐந்தாம் நாள் காலை அதே மாதிரி பாருங்கள். அப்போதும் நிற்கிற அரை கிலோவோ முக்கால் கிலோவோதான் உண்மையான கணக்கு. இடையில் பட்டினி கிடந்தால் இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான், சாப்பிட்டதும் திரும்பிவிடும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்: ஒரே கால் மட்டும் வீங்கி, வலியோ சூடோ இருந்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.