முனையில் மேலே வந்த வெடிப்பு

திருகோணமலையில் ஒரு களஞ்சியத்துக்கு, உள்ளே கேபிளை இழுத்துக் கொங்கிறீற்றை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் 10 மீற்றர் முன்தகைவு வளைகள் வார்த்தோம். முதல் வளையில் கேபிளை இழுத்த மறுநாள் பார்த்தால், முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே மேற்பரப்பில் குறுக்கே மயிரிழை வெடிப்பு. சுமை எதுவும் ஏற்றவே இல்லை!

கணக்கைத் திரும்ப எடுத்தேன். நான் நடுவை மட்டும்தான் பார்த்திருந்தேன். வளை 300க்கு 600 மில்லிமீற்றர், விசை 900 கிலோநியூட்டன், கேபிள் மையத்திலிருந்து 180 மில்லிமீற்றர் கீழே நேராக. நேரடி அமுக்கம் 5 மெகாபாஸ்கல். கேபிள் கீழே இருப்பதால் மேலே 9 இழுவை. நடுவில் தன் எடை 3 அமுக்கம் தருவதால் இழுவை 1தான். முனையில் அந்த உதவி இல்லை, இழுவை 4. வெடிக்காமல் என்ன செய்யும்?

மிச்ச வளைகளில் கேபிளை முனைகளில் மட்டும் மையத்துக்கு 100 மில்லிமீற்றர் கீழே வரும்படி உயர்த்திப் பரவளையமாக விட்டேன். அது வளையின் உயரத்தில் ஆறில் ஒன்று என்பதால் அங்கே இழுவை பூச்சியம். உராய்வு கூடுமே என்று பயந்தேன். நடுவில் உராய்வால் வரும் விசை இழப்பு 1.6 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது, அவ்வளவுதான். அப்புறம் உராய்வு, சுருக்கம், ஊர்தல் எல்லாமாக 20 சதவீதம் போனாலும் நடுவில் அடியில் கேபிள் தரும் அமுக்கம் 11.2. தன் எடையும் கூரைச் சுமையும் சேர்ந்து அங்கே தரும் இழுவை 10.