24 மடிக்கணினிகள், ஒரே சாக்கெட்: சார்ஜிங் வண்டியைப் பாதுகாப்பாக இணைக்கும் முறை

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் பணிபுரியும் தமிழ்வழிப் பள்ளியில் 24 மடிக்கணினிகள் வைக்கும் சார்ஜிங் வண்டி ஒன்று இருக்கிறது. அது வந்த முதல் வாரத்திலேயே, அதைச் செருகியிருந்த 6 ஆம்பியர் சாக்கெட் பழுப்பேறி, மீன் கருகுவது போன்ற வாடை வந்தது. சுவிட்ச் போர்டின் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வரும் வாடை அது. அதன்பின் வயர்மேனோடு உட்கார்ந்து நாங்கள் செய்த கணக்கையும் மாற்றங்களையும், இதே வேலையை முதன்முறையாகச் செய்யப் போகும் ஆசிரியர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: அடாப்டரின் பின்புறத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு அடாப்டரின் பின்புறத்திலும் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். எங்களுடையதில் இன்புட் 100–240 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றும், அவுட்புட் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், அதாவது 65 வாட் என்றும் இருந்தது. இவற்றில் எதை எடுத்துக் கணக்கிடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

இன்புட் வரியை அப்படியே பெருக்கினால் 24 அடாப்டர்களுக்கு 36 ஆம்பியர் வரும். இது தேவையற்ற அச்சம், அந்த 1.5 ஆம்பியர், மின்னழுத்தம் மிகக் குறைந்த 100 வோல்ட்டாக இருக்கும்போது அடாப்டர் இழுக்கக்கூடிய உச்ச அளவு. அவுட்புட் வரியை எடுத்து 24 × 65 = 1,560 வாட், அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.8 ஆம்பியர் என்று முடித்துக்கொண்டால், அது பொய்யான நிம்மதி. நாங்கள் செய்த தவறு இதுதான். 6 ஆம்பியரை ஒட்டித்தானே வருகிறது, எல்லா மடிக்கணினியும் ஒரே நேரத்தில் முழுதாகவா இழுக்கப் போகிறது என்று எண்ணிவிட்டோம்.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 65 வாட் வெளியே தருவதற்கு அடாப்டர் உள்ளே ஏறத்தாழ 74 வாட் எடுக்கும்; மிச்சம் வெப்பமாகப் போய்விடும். அதோடு, இத்தகைய சிறிய அடாப்டர்கள் மின்சாரத்தை ஒரே சீராக இழுப்பதில்லை. ஒவ்வொரு மின் அலையின் உச்சியிலும் சிறுசிறு துடிப்புகளாக இழுப்பதால், அதே வாட்டுக்கு வயரில் ஓடும் ஆம்பியர் கூடிவிடுகிறது. இதைச் சரிசெய்யும் சுற்று பெரிய அடாப்டர்களில் இருக்கும். 75 வாட்டுக்கு உட்பட்டவற்றில் பொதுவாக இருக்காது. இவற்றையெல்லாம் சேர்த்து, 65 வாட் அடாப்டர் ஒன்றுக்கு 0.55 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்குப் பொருத்தமான கணக்கு.

படி 2: சாக்கெட்டுக்கு ஏற்பக் குழு பிரியுங்கள்

மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சுமைக்குச் சாக்கெட்டின் அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அப்படியானால் 6 ஆம்பியர் சாக்கெட்டில் 4.8 ஆம்பியர், அதாவது ஒரே நேரத்தில் 8 மடிக்கணினிகள். 16 ஆம்பியர் சாக்கெட்டில் 12.8 ஆம்பியர், அதாவது 23 மடிக்கணினிகள். எங்கள் 24-க்கும் சேர்த்து 13.2 ஆம்பியர் வருகிறது. ஆக, 16 ஆம்பியர் சாக்கெட்டிலும் அவை எல்லாம் ஒன்றாக ஏறக் கூடாது.

வகுப்பறையில் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட் பெரும்பாலும் விளக்கு, மின்விசிறி ஓடும் அதே வயரில் இருக்கும் என்பதால், அதை நம்பாமல், மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி. வைத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போடச் சொன்னோம். இதை உரிமம் பெற்ற வயர்மேன் மட்டுமே செய்ய வேண்டும். வண்டியின் பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் நுழைக்க உதவும் கன்வர்ட்டரைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எங்கள் சாக்கெட் கருகியதற்கு அதுதான் வழி திறந்துவிட்டது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகுவதும் அதே போன்ற ஆபத்துதான்.

வண்டிக்குள் 12 மடிக்கணினிகள் கொண்ட இரண்டு குழுக்கள் அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் வைத்தோம். முதல் குழு காலையில் இரண்டரை மணி நேரம், இரண்டாவது குழு மதியத்துக்குப் பின். இதனால் ஒரு நேரத்தில் 6.6 ஆம்பியர்தான் ஓடுகிறது. டேப்லெட்டுகள் ஒவ்வொன்றும் 10 முதல் 15 வாட் மட்டுமே எடுப்பதால், அவற்றை எந்தக் குழுவோடும் சேர்க்கலாம்.

குழு பிரிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது எல்லா அடாப்டர்களும் ஒரே கணத்தில் விழித்து, நொடியின் சிறு பகுதிக்குப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சுமை அளவுக்குள் இருந்தும் எம்.சி.பி. விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்காகப் பெரிய எம்.சி.பி. மாற்றினால் வயருக்கு இருந்த காவல் போய்விடும்; கரண்ட் போனதும் இரண்டு குழுக்களின் சுவிட்சையும் அணைத்து வைத்து, வந்தபின் தேவையானதை மட்டும் போடுவதே சரி.

படி 3: எர்த் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்

வண்டியின் தகரத்தைத் தொட்டால் விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு வருகிறது என்று ஒரு மாணவி சொன்னாள். மூன்று பின் அடாப்டர் ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவு மின்சாரத்தை எர்த் வயரில் கசியவிடும். அது வடிவமைப்பிலேயே உள்ளது. எர்த் அறுந்திருந்தால் பல அடாப்டர்களின் கசிவும் ஒன்றுசேர்ந்து வண்டியின் உடலில் நிற்கும். எங்கள் பழைய சாக்கெட்டில் எர்த் வயரே இணைக்கப்பட்டிருக்கவில்லை. வயர்மேன் மீட்டரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள ஏறத்தாழ அதே அளவு வோல்ட் காட்ட வேண்டும்.

மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியான, நாம் இன்னும் இ.எல்.சி.பி. என்றே அழைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சில நேரம் காரணமின்றி விழுவது போலத் தோன்றுவதும் இதே கசிவால்தான். அடாப்டருக்கு அரை மில்லி ஆம்பியர் என்று கொண்டால் 24-க்கு 12 ஆகும். அக்கருவி 15-ஐத் தாண்டியதுமே விழலாம். அதே லைனில் வேறு கணினிகளும் இருந்தால் எல்லை நெருங்கிவிடும். அதற்காக ஆர்.சி.சி.பி.-யைக் கழற்றிவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். குழு பிரித்தாலே கசிவு பாதியாகிவிடும்.

படி 4: கேபிள்களை ஒழுங்குபடுத்துங்கள்

அடாப்டர்களை வண்டியின் பின்னறையில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். மிச்ச வயரை இறுக்கிச் சுருட்டாமல், உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையமாக்கி, வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை வயரின் உறையை அழுத்தும், பழுதானதை மாற்றும்போது வெட்டவும் வேண்டியிருக்கும். தகரத் துளை வழியாக வயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். முன்பக்கம் வரும் முனையை, தட்டின் விளிம்பில் ஒரு பிடிப்பானில் மாட்டி, கணினியின் எண்ணையே அதற்கும் ஒட்டுங்கள். மாணவர் இழுக்கும் இழுப்பு அந்தப் பிடிப்பானில் நிற்க வேண்டும், கணினியின் துளையில் அல்ல. எங்களிடம் பழுதான முனைகள் அனைத்தும் கழுத்துப் பகுதியில் மடங்கியே அறுந்திருந்தன.

வண்டியின் மெயின் வயருக்குப் பின்புறம் ஒரு கொக்கி போடுங்கள். வயரைச் சுற்றி மாட்டிய பிறகே சக்கரப் பூட்டைத் திறப்பது என்று வழக்கமாக்கியபின், பிளக்கோடு வண்டியை இழுத்துச் சாக்கெட்டைப் பிடுங்கும் விபத்து நின்றது.

படி 5: அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்

முதல் நாள், முழுக்குழுவும் ஓடி அரை மணி நேரம் ஆனதும், சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி, பின்னைத் தொடாமல் அதன் உடலை மட்டும் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், சடசடப்பு, அந்த மீன் வாடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது என்று கொண்டு அதை மாற்றுங்கள். டச்பேட் மேலெழும்பியோ, மூடி சரியாக மூடாமலோ உள்ள கணினியின் பேட்டரி உப்பியிருக்கும். அதை வண்டிக்குள் வைக்கவே கூடாது. பாலக்காட்டின் மார்ச், ஏப்ரல் வெயிலில், மேற்குச் சன்னலோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். அக்டோபர், நவம்பரில் பெய்யும் துலாவர்ஷக் காலத்தில் மாலை இடி தொடங்கியதும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பள்ளி பூட்டும் முன்பும் அவ்வாறே.