சம்பளத் தேதி கேட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான கடிதங்கள் முதல் வரியிலேயே சறுக்குகின்றன. "இரண்டு மாதமாகச் சம்பளம் சரியாக வருவதில்லை" என்று எழுதினால், "பார்க்கிறோம்" என்ற பதில்தான் வரும். எத்தனை நாள் தாமதம் என்பது அதில் இல்லையே.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 5ஆம் தேதி சம்பளம் ஏறிவிடும். மார்ச் 24 அன்று, வங்கிக் கணக்கைப் பார்த்து அவர் இப்படி எழுதலாம்:

"ஐயா, ஜனவரி மாத வேலைக்கான சம்பளம் பிப்ரவரி 16 அன்றும், பிப்ரவரி மாத வேலைக்கான சம்பளம் மார்ச் 21 அன்றும் என் கணக்கில் வரவானது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். மார்ச் மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதை இந்த வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

"பிப்ரவரிச் சம்பளம்" என்று மட்டும் எழுதினால் பிப்ரவரியில் வேலை செய்ததற்கா, பிப்ரவரியில் வாங்கியதா என்று குழப்பம் வரும். அதனால்தான் வேலை செய்த மாதமும் பணம் வந்த தேதியும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டு தவணையாக வந்திருந்தால் இரண்டு தேதியையும் தொகையையும் எழுத வேண்டும்.

வீட்டு வாடகை, கடன் தவணை பற்றி ஒரு வரி போதும். அதையே பக்கம் பக்கமாக எழுதினால், முதலாளி அட்வான்ஸாகக் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்; தேதி கிடைக்காது. ஓவர்டைம், இன்கிரிமென்ட் பேச்சையும் இதில் சேர்க்காதீர்கள். எளிதான கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட அது வழி செய்யும்.

7ஆம் தேதி என்பது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில், 17ஆவது பிரிவில் உள்ளது. முதல் கடிதத்திலேயே தொழிலாளர் துறைக்குப் போவேன் என்று மிரட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் தேதியைச் சொன்னாலே கணக்குப் பிரிவுக்குப் புரிந்துவிடும்.

அடுத்த தவறு, "சரக்கு வாங்கும் பையரிடமிருந்து பணம் வந்ததும் போடுகிறோம்" என்பதற்குச் சரி என்று தலையாட்டுவது. அது தேதியே அல்ல. "முழுத் தொகையும் 7ஆம் தேதி முடியாது என்றால், அன்று எவ்வளவு, மீதி எந்தத் தேதி?" என்று அங்கேயே கேளுங்கள்.

வாய்மொழியாகத் தேதி சொன்னால், அன்று மாலையே "ஏப்ரல் 7 அன்று முழுச் சம்பளமும் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கம்பெனி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் ஒரு நகல் உங்கள் சொந்த முகவரிக்கும் போகட்டும். வேலையை விட்டால் கம்பெனிக் கணக்கை மூடிவிடுவார்கள். பின்னால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க நேர்ந்தால், வங்கி ஸ்டேட்மென்ட்டோடு காட்ட இந்த அஞ்சல்தான் கையில் இருக்கும்.