குரோஸ், டஜன், ஸ்கோர்: மொத்த வளையல் ஆர்டரை ஒற்றை எண்ணிக்கைக்கு மாற்றுவது எப்படி?

ஆடிப்பூரத்துக்கு எங்கள் ஊர் அம்மனுக்கு வளையல் சார்த்துவோம். வருகிற பெண்களுக்கும் ஆளுக்கு நாலு வளையல், ஒரு கைக்கு இரண்டு வீதம், பிரசாதமாகக் கொடுப்போம். தக்கலையில் இருந்து நாகர்கோவில் வந்து, கோட்டாறில் மொத்தமாக வாங்கிப் போவது என் பொறுப்பு. முதல் தடவை போனபோது கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை. அதே மாதிரி ஒரு சீட்டை வைத்தே கணக்கைச் சொல்கிறேன்.

சீட்டில் இப்படி இருந்தது:

2.4 – 4 குரோஸ் 2 டஜன்
2.6 – 5 குரோஸ்
2.8 – 2 குரோஸ்
பிள்ளை வளையல் – 7 ஸ்கோர்

முதலில் புள்ளியைப் புரிந்துகொள்ளுங்கள்

வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் 2.4, 2.6, 2.8 எல்லாம் அளவு. எண்ணிக்கையோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. 2.4 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும், ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் 4 பங்கும். அதாவது இரண்டேகால் அங்குலம். 2.8 என்றால் இரண்டரை அங்குலம். அதனால்தான் 2.10 என்பது 2.8-ஐ விடப் பெரிய வளையல். அந்தப் புள்ளியைத் தசமப் புள்ளியாக நினைத்தால் 2.10 எல்லாவற்றையும் விடச் சின்னதாகத் தெரியும். சீட்டு கைக்கு வந்ததும் அளவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். வட்டத்துக்குள் இருப்பது கணக்கில் வராது.

பிறகு ஒவ்வொரு வரியையும் தனியாக மாற்றுங்கள்

டஜன் 12, ஸ்கோர் 20, குரோஸ் 144. குரோஸை மனப்பாடம் செய்ய வேண்டாம், பன்னிரண்டு டஜன் என்று நினைவில் இருந்தால் போதும். கடையில் கண்ணால் பார்த்தால் இன்னும் எளிது. கண்ணாடி வளையலைப் பன்னிரண்டு பன்னிரண்டாக நூல் போட்டுக் கட்டியிருப்பார்கள். அப்படிப் பன்னிரண்டு கட்டு சேர்ந்தால் ஒரு குரோஸ். பிள்ளைகளுக்கான வளையல் எனக்குக் கிடைத்தது இருபது இருபதாக அட்டையில் கோத்தது. அதனால் அதை மட்டும் ஸ்கோரில் எழுதியிருந்தார்.

2.4 வரியை எடுப்போம். 4 குரோஸ் என்றால் 4 × 144 = 576. 2 டஜன் என்றால் 24. கூட்டினால் 600. அடுத்து 2.6 வரி: 5 × 144 = 720. 2.8 வரி: 2 × 144 = 288. பிள்ளை வளையல்: 7 × 20 = 140.

இப்போது கூட்டலாம். கண்ணாடி வளையல் 600 + 720 + 288 = 1608. பிள்ளை வளையல் 140. ஒற்றை எண்ணிக்கைக்கு மாற்றிய பிறகுதான் கூட்ட வேண்டும். சீட்டில் இருக்கிறபடி 4, 2, 5, 2, 7 என்று கூட்டினால் 20 வரும். அந்த இருபதுக்கு ஒரு பொருளும் கிடையாது.

நான் தவறு செய்த இடம் இதுதான். 4 குரோஸ் 2 டஜனைக் கால்குலேட்டரில் 4.2 என்று அடித்து 144-ஆல் பெருக்கினேன். 604.8 வந்தது. முக்கால் வளையல் எப்படி வரும் என்று யோசித்ததால் தப்பித்தேன். இந்த இடத்தில் வித்தியாசம் ஐந்துதான். ஆனால் 4 குரோஸ் 10 டஜனை 4.10 என்று அடித்துப் பாருங்கள், 590.4 வரும். சரியான விடை 576 + 120 = 696. நூறு வளையலுக்கு மேல் குறைந்துவிடும், இருபத்தைந்து பெண்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். குரோஸுக்குள் டஜன் பன்னிரண்டு இருக்கிறது, பத்து இல்லை. அதனால் இரண்டையும் நடுவில் புள்ளி வைத்து ஒரே எண்ணாக எழுதவே கூடாது.

எக்செல்லில் போடுகிறவர்கள் குரோஸ், டஜன், ஸ்கோர் மூன்றுக்கும் B, C, D என்று தனித்தனி நெடுவரிசை வையுங்கள்:

```
=B2*144+C2*12+D2*20
```

விடை சரிதானா என்று பார்ப்பது

டஜனிலும் குரோஸிலும் வாங்கிய தொகை 12-ஆல் மீதி இல்லாமல் வகுபட வேண்டும். 1608 ÷ 12 = 134. 11 குரோஸுக்கு 132 கட்டு, மேலே 2 கட்டு, ஆக 134. சரி. ஸ்கோரில் வாங்கியது 20-ஆல் வகுபட வேண்டும்: 140 ÷ 20 = 7. இரண்டையும் சேர்த்து 1748 என்று ஆக்கிவிட்டால் இந்தச் சோதனை நடக்காது, அதனால் தனித்தனியாகவே பாருங்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது ஆள் கணக்கு. ஆளுக்கு நாலு என்றால் ஒரு டஜன் 3 பேருக்கு, ஒரு குரோஸ் 36 பேருக்கு, ஒரு ஸ்கோர் 5 பிள்ளைகளுக்கு. எங்கள் தேவை 2.4-இல் 150 பேர், 2.6-இல் 180 பேர், 2.8-இல் 70 பேர், பிள்ளைகள் 35 பேர். சீட்டுப்படி 2.4 வரியில் 144 + 6 = 150 பேர். 2.6 வரியில் 180. 2.8 வரியில் 72. பிள்ளைகள் 35.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் 8 வளையல் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த எட்டும் 2.8 அளவு. 2.4-இலும் 2.6-இலும் ஒன்றுகூட மிச்சம் இல்லை. கண்ணாடி வளையல் பஸ்ஸில் தக்கலை போய்ச் சேருவதற்குள் சில உடையத்தான் செய்யும். அதனால் அந்த இரண்டு அளவிலும் 3 டஜன் கூட்டிச் சொன்னேன். 2.4 வரி 4 குரோஸ் 5 டஜன் ஆனது, அதாவது 636. 2.6 வரி 5 குரோஸ் 3 டஜன், 756. கண்ணாடி வளையல் மொத்தம் 1680, அதாவது 140 கட்டு.

காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

“அண்ணாச்சி, டஜன்னு சொல்லுறது பன்னிரண்டு வளையலா, பன்னிரண்டு ஜோடியா?” இதைக் கட்டாயம் கேளுங்கள். கண்ணாடி வளையலில் பன்னிரண்டு வளையல்தான் எனக்குக் கிடைத்தது. உலோக வளையல் ஒன்றைக் காட்டி டஜன் விலை சொன்னபோது, அவர் சொன்னது பன்னிரண்டு ஜோடி, அதாவது 24. விலை இரண்டு மடங்காகத் தெரிந்தது, ஆனால் எண்ணிக்கையும் இரண்டு மடங்கு. பதில் ஜோடி என்றால் அந்த வரியின் விடையை இரண்டால் பெருக்கிச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் கட்டு கட்டாக எண்ணி வாங்குங்கள். ஒவ்வொரு அளவிலும் ஏதாவது ஒரு கட்டை அவிழ்த்துப் பன்னிரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கணக்குக்கு 2.4-இல் 53 கட்டு, 2.6-இல் 63, 2.8-இல் 24, அதோடு பிள்ளை வளையல் 7 அட்டை. பைக்குள் போடும்போதே அளவு வாரியாகத் தனிப் பையில் போட்டு, மேலே கட்டு எண்ணிக்கையை எழுதிவிட்டால் கோயிலில் மறுபடி அவிழ்த்து எண்ண வேண்டியதில்லை.