சுடோக்கு நிரலில் எந்தக் கட்டத்தை முதலில் நிரப்புவது?

காலிக் கட்டங்களை இடமிருந்து வலமாக நிரப்பி, முரண்பட்டால் பின்வாங்கும் நிரல் பெரும்பாலான புதிர்களைத் தீர்த்துவிடும். ஆனால் முதல் வரிசை முழுவதும் காலியாக இருந்து, விடையில் அது 987654321 என அமையும் புதிரில், 1-இலிருந்து முயலத் தொடங்கும் அந்நிரல் வெகுநேரம் திணறும். ஆகவே வரிசைப்படி செல்லாமல், ஒவ்வொரு முறையும் மிகக் குறைந்த வாய்ப்புகள் உள்ள கட்டத்தையே தேர்ந்தெடுங்கள்; இங்கே empty என்பது காலிக் கட்டங்களின் பட்டியல், cand[i] என்பது i என்ற கட்டத்தில் வைக்கத்தக்க எண்களின் கணம்:

```python
k = min(empty, key=lambda i: len(cand[i]))
```

ஒரு கட்டத்தின் வரிசையில் 1, 4, 7, நெடுவரிசையில் 2, 8, அதன் 3×3 பெட்டியில் 5, 9 இருந்தால், எஞ்சுவன 3, 6 மட்டுமே. அதே வரிசையில் வேறிடத்தில் 6 வைக்கப்பட்டதும், இக்கட்டத்தில் 3 தானாகவே உறுதியாகும். அந்த 3-ஐ அதே வரிசை, நெடுவரிசை, பெட்டியிலுள்ள பிற கட்டங்களின் வாய்ப்புகளிலிருந்து நீக்க, அங்கும் சில உறுதியாகலாம். ஏதேனும் ஒரு கட்டத்தின் வாய்ப்புகள் தீர்ந்துவிட்டால், மேற்கொண்டு தேடாமல் உடனே பின்வாங்க வேண்டும்.

பலரும் (நானும்தான்) தவறுவது பின்வாங்கும்போதுதான்: வைத்த எண்ணை மட்டும் அழித்து, அதனால் நீக்கப்பட்ட வாய்ப்புகளை மீட்காமல் விட்டால், விடையுள்ள புதிருக்கும் விடையில்லை என்று நிரல் கூறும். ஒவ்வொரு ஊகத்துக்கும் முன் 81 கட்டங்களின் வாய்ப்புகளையும், உள்ளிருக்கும் கணங்கள் உட்பட, முழுமையாக நகலெடுத்துக்கொள்வது எளிய தீர்வு.